கையில் இருக்கும் கலரே போட்டோவிலும் வரணும்: சேலை விற்கிறவங்களுக்கு போன் போட்டோ வகுப்பு

"அக்கா, போட்டோவுல கத்தரிப்பூ கலரா இருந்துச்சு, வந்தது அரக்கு." இந்த மெசேஜ் வராத ரீசெல்லர் நம்ம சேலத்துல இருக்காங்களா? சேலை நல்ல சேலைதான். இளம்பிள்ளை போய் ஒண்ணொண்ணாப் பார்த்து எடுத்ததுதான். ஆனா ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து விழுந்தா போன் கேமரா கலரை மாத்திடும். ரிட்டர்ன் கூரியர் காசு உங்க கையை விட்டுப் போகும்.

ஆடி விற்பனை தொடங்கறதுக்குள்ள இதைச் சரி பண்ணணும்னுதான் இந்த ஆன்லைன் வகுப்பு. ஜூன் 23-ல ஆரம்பம். 3 வாரம், செவ்வாயும் வியாழனும் இரவு 8.30 முதல் 9.30 வரை. சமையல், பிள்ளைங்க பாடம் எல்லாம் முடிஞ்ச நேரம்.

ஜூலை 9, கடைசி வகுப்பு அன்னைக்கு உங்க கையில என்ன இருக்கும்?

உங்க ஸ்டாக்ல இருந்தே 10 சேலை. ஒவ்வொண்ணுக்கும் 5 போட்டோ: முழுச் சேலை, முந்தி, பார்டர், உடல் டிசைன், பிளவுஸ் துணி. மொத்தம் 50 போட்டோவும் விலை, நீளம், துணி விவரத்தோட உங்க வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்ல ஏறியிருக்கும். கூடவே 20 நொடி மடிப்பு வீடியோ ஒண்ணு.

கருப்புச் சேலை சாம்பலாத் தெரியாம இருக்க, திரையை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸை லாக் பண்ணி வெளிச்சத்தைக் குறைப்பீங்க. ஜரிகைக்கு ஃபிளாஷ் போடவே மாட்டீங்க. அது ஜரிகையை வெள்ளைத் தீற்றலா மாத்திடும். பக்கத்து ஜன்னல் வெளிச்சமும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையும் போதும், நெசவு அழகாத் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான், அதனால ஒரு வகுப்பு முழுசும் இதுக்கே. பழகினதும் ஒரு சேலையை 7 நிமிஷத்துல முடிச்சிடலாம்.

ஆர்டர் குவியும்னு நான் சொல்லமாட்டேன். அது உங்க விலை, உங்க வாடிக்கையாளர்களைப் பொறுத்தது. "கலர் வேற"ங்கிற புகாரைக் குறைக்கிறது என் பொறுப்பு. பெரிய கேமரா, மாடல் எதுவும் வேண்டாம். இப்ப வச்சிருக்கிற போனே போதும்.

கட்டணம் ₹2,400. ஜூன் 15 இரவு 10 மணிக்குள்ள சேர்ந்தா எர்லி பேர்ட் விலை ₹1,500. பாடம் ஒண்ணுதான், எதுவும் குறையாது. சீக்கிரம் சேர்றவங்க என்ன சேலை விக்கிறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா, அந்தத் துணிக்கு ஏத்த மாதிரி பாடத்தைத் தயார் பண்ணலாம். அதுக்குத்தான் இந்தச் சலுகை. ஜூன் 16-ல இருந்து முழுக் கட்டணம், தேதி நீட்டிப்பு கிடையாது.

25 பேர் மட்டும். எல்லாரோட போட்டோவையும் நானே பார்த்துத் திருத்தம் சொல்றதால அதுக்கு மேல முடியாது. ரெக்கார்டிங் 3 மாசம் இருக்கும். முதல் வகுப்பு பிடிக்கலைன்னா இரண்டாவது வகுப்புக்கு முன்னாடி சொல்லுங்க, முழுப் பணமும் திரும்ப வந்துடும்.

கமெண்ட்ல "சேலை"ன்னு போடுங்க, பதிவு லிங்க் இன்பாக்ஸ்ல அனுப்பறேன். கூடவே நீங்க விக்கிறது பட்டா, காட்டனா, சில்க் காட்டனான்னும் சொல்லுங்க.

#சேலம் #இளம்பிள்ளைசேலை #சேலைவியாபாரம் #போன்போட்டோகிராபி