சிவஞானபோதம்: முதல் மூன்று சூத்திரங்களுக்கு ஒரு வாசிப்புத் துணை

முதலாண்டு மெய்யியல் மாணவர்களுக்கு. வியாழக்கிழமை வகுப்புக்கு முன் படித்து வாருங்கள்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய இந்தச் சைவ சித்தாந்த நூலில் மொத்தமே 12 சூத்திரங்கள். முதல் மூன்றும் பிரமாணவியல்: இறை உண்டு, பிறவி சுழல்கிறது, உயிர் உண்டு என்று வாதிடுபவை. பென்சிலோடு உட்காருங்கள். ‘இன்’ என்று முடியும் சொல்லையெல்லாம் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அது ‘ஆதலால்’ என்ற பொருளில் காரணத்தைச் சுமந்து நிற்கும்.

சூத்திரம் 1

*அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்*
*தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துஉளதாம்*
*அந்தம் ஆதி என்மனார் புலவர்*

அவன், அவள், அது: சுட்டிக் காட்டக்கூடிய உலகம் முழுவதும். மூவினை: தோன்றல், நிற்றல், அழிதல். மலம்: உயிரைக் கட்டியிருக்கும் அழுக்கு. ‘அந்தம் ஆதி’ என்பதே முடிவு, ஒடுக்குபவனே முதல்வன். ‘என்மனார் புலவர்’ தொல்காப்பியத்தில் நீங்கள் பலமுறை கண்ட தொடர்தான்.

1. உலகின் பகுதிகள் தோன்றி அழிவதைப் பார்க்கிறோம். முழு உலகும் அப்படியே என்று சொல்ல அது போதுமா?
2. படைப்பவனை விட்டு ஒடுக்குபவனை முதலாக வைத்தது ஏன்?

சூத்திரம் 2

*அவையே தானேஆய் இருவினையின்*
*போக்குவரவு புரிய ஆணையின்*
*நீக்கம் இன்றி நிற்கும் அன்றே*

போக்குவரவு: இறப்பும் பிறப்பும். ஆணை: சத்தி. அத்துவிதம் என்பது ‘ஒன்று’ என்ற பொருளல்ல என்று மெய்கண்டார் இச்சூத்திரத்தின் வார்த்திக விளக்கத்தில் வாதிடுகிறார். ‘ஒன்று’ எனச் சுட்ட ஒருவன் வேண்டுமே என்பது அவர் வாதம்.

3. ‘ஆணையின்’ என்பதிலுள்ள ‘இன்’ காரணமா, நீக்கப்பொருளா? இரண்டு வகையிலும் உரைநடையாக்கிப் பாருங்கள்.

சூத்திரம் 3

*உளதுஇலது என்றலின் எனதுஉடல் என்றலின்*
*ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில்*
*உண்டிவினை இன்மையின் உணர்த்த உணர்தலின்*
*மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா*

நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஒவ்வொரு தொடரும் ஓர் எதிராளிக்கு விடை. ‘உயிர் இல்லை’ என்பவனுக்கு: இல்லை என்று சொல்வது எது? உடலே உயிர் என்பவனுக்கு: ‘எனது உடல்’ என்கிறாயே. ‘அறிதலின்’ ஒருமுறைதான் வருகிறது, இரண்டு இடத்தில் கூட்ட வேண்டும்: ஐம்புலனையும் அறிவதால் எந்த ஒரு புலனும் உயிரல்ல, புலன்கள் ஒடுங்கிய கனவையும் விழித்தபின் அறிவதால் கனவுடலும் உயிரல்ல. உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, நுகர்வும் செயலும் இல்லை. ஆகவே மூச்சும் அல்ல. ‘உணர்த்த உணர்தலின்’: பிறர் அறிவிக்க அறிவது கடவுளாக முடியாது. கடைசி அடி, இவையெல்லாம் சேர்ந்த கூட்டமே உயிர் என்பவனுக்கு.

முதல் வாதம் டேகார்ட்டை நினைவூட்டும். அவசரமாக ஒப்பிடாதீர்கள், அவர் தேடியது அசைக்க முடியாத அறிவின் தொடக்கத்தை, இவர் தேடுவது மலத்தில் கட்டுண்ட உயிரை.

4. ‘எனது உடல்’ என்பது போல ‘என் உயிர்’ என்றும் சொல்கிறோம். வாதம் உடைகிறதா? மெய்கண்டாருக்காக நீங்களே ஒரு விடை எழுதுங்கள்.
5. இந்த ஏழு வாதங்களில் எதை எடுத்துவிட்டால் மற்றவை அதிகம் பலவீனப்படும்?

நான்காவது கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதி எடுத்து வாருங்கள். வகுப்பை அதிலிருந்தே தொடங்குவேன்.