வானப் படத்தில் கிழக்கு ஏன் இடப்பக்கம்?

கண்ணு, நீ அனுப்பின வட்ட வானப் படத்தின் போட்டோ வந்தது. 2025 ஜனவரி, இரவு 8 மணி வானம். கிழக்கு இடப்பக்கம் இருக்கிறதே, தப்பா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி! தப்பில்லை. இது தரையில் விரித்துப் பார்க்கிற வரைபடம் இல்லை. மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, தலையை வடக்கே வைத்து, போனை முகத்துக்கு மேலே பிடி. இடது கை கிழக்கைத் தொடும். வட்டத்தின் விளிம்பு அடிவானம், நடு உச்சிவானம்.

இப்போது கிழக்குப் பக்கம் வரிசையாக மூன்று புள்ளி தெரிகிறதா? அது ஓரியன் என்கிற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புவார். அதற்குக் கொஞ்சம் தள்ளிச் செம்மையாக இருப்பது திருவாதிரை. இடுப்புவாரை உச்சிப் பக்கமாக நீட்டினால் ரோகிணி, அப்புறம் கொத்தாகக் கார்த்திகை. பாட்டி சொல்வாளே, அதே நட்சத்திரங்கள்தான். பெரிய புள்ளி என்றால் பிரகாசம் அதிகம், அவ்வளவுதான்.

ரோகிணி பக்கத்துப் பெரும்புள்ளி வியாழன். கோள் அதிகம் மினுக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த ஜனவரியில் அங்கே இருக்காது.

வேலூர் விளக்கு வெளிச்சத்தில் கார்த்திகை மங்கலாகத்தான் தெரியும். லீவுக்கு வா, ஜவ்வாது மலைக்குப் போவோம். அங்கே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

மாமா