தனிநபர் கடன் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித்துத் தர வேண்டி விண்ணப்பம்

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

4471 என முடியும் எனது தனிநபர் கடன் கணக்கில் இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால் சென்ற மாதம் 14ஆம் தேதி, நான் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனம் எங்கள் பிரிவையே மூடிவிட்டது. வேலை நீக்கக் கடிதத்தை இணைத்துள்ளேன். வரும் 5ஆம் தேதித் தவணையைச் சேமிப்பிலிருந்து கட்டிவிடுவேன். அதற்கு அடுத்ததைக் கட்ட வழியில்லை. தவறிய பிறகு விளக்கம் சொல்வதைவிட இப்போதே தெரிவிப்பதுதான் முறை என்று எழுதுகிறேன்.

அந்தத் தவணைக்குப் பின் நிலுவை அசல் ஏறத்தாழ 3,18,600 ரூபாய். 12 சதவீத வட்டியில் மாதம் 15,000 வீதம் 24 தவணைகள். இதை 48 மாதங்களாக நீட்டித்து, மாதம் 8,400 ரூபாயாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதனால் மொத்த வட்டி சுமார் 43,000 ரூபாய் கூடும் என்பதை அறிந்தே கேட்கிறேன். தள்ளுபடி எதுவும் வேண்டாம்.

என் மனைவியின் சம்பளம் 27,000 ரூபாய். வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு போக 9,000 மிஞ்சும். சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் உடன் உள்ளன. வேலை கிடைத்ததும் கூடுதலாகச் செலுத்த விரும்புவேன். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் விதிக்காதிருக்க வேண்டுகிறேன்.

மறுசீரமைப்பு என் கடன் வரலாற்றில் எவ்வாறு பதிவாகும் என்பதையும், முடிவையும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நேரில் வரச் சொன்னால் எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கிளையின் கடன்தாரர்
(கணக்கு 4471)