வியாழன் மாலை 6.30 ஆன்லைன் ஆலோசனைக்கு முன்: முகப்பரு, இதுவரை போட்டவை, ஒத்துக்கொள்ளாதவை, எதிர்பார்ப்பு

டாக்டர், வணக்கம்.

ஆலோசனை நேரம் 15 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அதில் பாதி நேரம் பழைய கதையிலேயே போய்விடக் கூடாது என்பதால் விவரங்களை முன்கூட்டியே அனுப்புகிறேன். முழுதும் படிக்க நேரமில்லையென்றால் அடுத்த பத்தி மட்டும் போதும்.

வயது 29, பெண். மாநிறத்தைவிடச் சற்றுக் கருமையான தோல். நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும், கன்னம் வறளும். தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் 2 ஆண்டாகப் பரு. ஒவ்வொன்றும் ஆறிய இடத்தில் 3, 4 மாதம் கருமை நிற்கிறது. 2024இல் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை 10 வாரம் போட்டிருக்கிறேன். இப்போது அடப்பலீன் 0.1% ஜெல், வாரம் 3 இரவு. அடுத்த ஆண்டு இறுதியில் கர்ப்பத்துக்குத் திட்டம். இப்போது கர்ப்பம் இல்லை, பாலூட்டவும் இல்லை.

இன்றைய நிலை

தாடைக்கோட்டில் எந்த நேரமும் 4 முதல் 6 பருக்கள். அவற்றில் ஒன்றிரண்டு ஆழத்தில் கட்டி போல இருக்கும். தொட்டால் வலிக்கும், தலை தெரியாது, வற்ற 2 வாரம் ஆகும். மாதவிடாய்க்கு 6, 7 நாள் முன்பு புதிதாக வருவது உறுதி. சுழற்சி ஒரே சீராக இல்லை, 28 நாளும் உண்டு, 45 நாளும் உண்டு. முகவாயில் 5, 6 முரட்டு முடி உண்டு. ஹார்மோன் ரத்தப் பரிசோதனையோ வயிற்று ஸ்கேனோ எடுத்ததில்லை. தினமும் ஒரு மணி நேரம் ஹெல்மெட் போடுகிறேன். வார் படும் இடமும் இதே தாடைதான். இடது பக்கம் சற்று அதிகம். வார் அழுத்தமும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

நெற்றி வேறு மாதிரி. ஆகஸ்ட் முதல் மயிர்க்கோட்டின் ஓரமாகக் கடுகளவு பொரிகள், எல்லாம் ஒரே அளவு. கரும்புள்ளியோ வெண்புள்ளியோ கலக்கவில்லை. வியர்த்தால் அரிக்கிறது. தாடைப் பரு ஒருபோதும் அரித்ததில்லை. அதனால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காமல் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

போட்டவை, தேதி வரிசையில்

2023 அக்டோபர் முதல் 14 வாரம்: கிளிண்டமைசின் 1% ஜெல், காலையும் இரவும். கூட வேறு எதுவும் போடவில்லை. முதல் 6 வாரம் நன்றாகவே குறைந்தது, பிறகு போட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்ப வந்தது. ஆண்டிபயாட்டிக்கைத் தனியாகப் போட்டால் கிருமி பழகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

2024 மார்ச்: பென்சாயில் பெராக்ஸைடு 5% ஜெல், இரவு முழுதும் விட்டேன். 2ஆம் நாள் எரிச்சல், 4ஆம் நாள் வாயோரம் வெடித்துத் தோல் உரிந்தது. 5ஆம் நாள் நிறுத்தியதும் ஒரு வாரத்தில் சரியானது. வீக்கமோ அரிப்போ இல்லை. அதே மருந்து 2.5% ஃபேஸ்வாஷாக, 2 நிமிடம் வைத்துக் கழுவினால் ஒத்துக்கொள்கிறது. இப்போதும் வாரம் 2 காலை பயன்படுத்துகிறேன். ஆக, மருந்து ஒவ்வாமை இல்லை, அளவும் நேரமும்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

2024 ஜூன் கடைசி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை: மோமெட்டசோன் 0.1%, ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025% மூன்றும் சேர்ந்த க்ரீம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததில்லை. கருமை போகும் என்று கேட்டு நானே வாங்கினேன். முகம் முழுவதும், தினமும் இரவு, ஏறக்குறைய ஒரு விரல் நுனி அளவு. இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது, பருவும் அடங்கியது. செப்டம்பரில் திடீரென்று நிறுத்திய 5ஆம் நாள் கன்னம் சிவந்து, வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் தீயாய் எரிந்தது. பத்தாம் நாளுக்குள் இரு கன்னத்திலும் சிறு பொரிகள். மாய்ச்சரைசர் தவிர எல்லாவற்றையும் நிறுத்தி, அடங்க ஏறக்குறைய 3 மாதம் ஆனது. அதற்குப் பிறகு அந்த க்ரீமைத் தொடவில்லை. கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகள் சில இன்னும் தெரிகின்றன: `03-left-cheek-close.jpg` படத்தில் மூக்கை ஒட்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

2025 ஜனவரி: வைட்டமின் சி சீரம், எல்-அஸ்கார்பிக் அமிலம் 15%. போட்டவுடன் சுருக்கென்று எரியும், 10 நிமிடத்தில் அடங்கும். 7ஆம் வாரம் சீரமே பழுப்பாக மாறியது, தூக்கிப் போட்டேன். பலன் ஒன்றும் சொல்வதற்கில்லை.

2025 மார்ச்: நியாசினமைடு 10% சீரம். ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் முகம் சிவந்து அரிக்கும். 4 முறையோடு நிறுத்தினேன். இப்போதைய மாய்ச்சரைசரில் 4% இருக்கிறது, அது ஒன்றும் செய்யவில்லை.

2025 ஆகஸ்ட் 10 முதல்: அடப்பலீன் 0.1%. ஆர்வக்கோளாறில் தினமும் தொடங்கினேன். 11ஆம் நாள் மூக்கோரமும் வாயோரமும் உரிந்தது. ஒரு வாரம் விட்டு, வாரம் 2 இரவு என்று மறுபடி ஆரம்பித்தேன். அக்டோபர் முதல் 3 இரவு. பட்டாணி அளவு, முகம் கழுவி 20 நிமிடம் காய்ந்த பிறகு, முதலில் மாய்ச்சரைசர், அதன்மேல் ஜெல். வாயோரத்தில் வாசலின் தடவிக்கொள்கிறேன். இப்போது எரிச்சல் இல்லை. கரும்புள்ளிகள் குறைந்திருக்கின்றன, தாடைக் கட்டிகள் குறையவில்லை. நவம்பர் முதல் வாரத்தோடு 12 வாரம் முடிந்தது. இடைவெளியைக் கழித்தால் ஒழுங்காகப் போட்டது 11 வாரம்.

தனியாகக் கவனிக்க வேண்டிய இரண்டு சம்பவங்கள்

ஸ்டீராய்டு க்ரீமை நிறுத்திய பிறகு வந்ததைத் தவிர, மேலே சொன்ன எரிச்சல்கள் எல்லாம் போட்ட உடனே அல்லது சில நாளில் வந்து, நிறுத்தியதும் போனவை. இந்த இரண்டும் அப்படி இல்லை.

2023 டிசம்பரில் ஒரு மேக்கப் துடைக்கும் ஈரத்தாள். 2025 ஏப்ரலில் ஒரு சன்ஸ்கிரீன். இரண்டிலும் முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை மேல் இமை இரண்டும் வீங்கி, கழுத்தோரம் வரை அரிப்பு, பிறகு செதிலாக உரிந்தது. அடங்க ஈரத்தாளுக்கு 8 நாள், சன்ஸ்கிரீனுக்கு 11 நாள் ஆனது. மூச்சுத்திணறலோ உதடு வீக்கமோ இல்லை.

இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பொதுவாக இருப்பவை மூன்று: பீனாக்ஸிஎத்தனால், லினாலூல், லிமோனீன். இவற்றில் பீனாக்ஸிஎத்தனால் என் இப்போதைய மாய்ச்சரைசரிலும் இருக்கிறது, 9 மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. எனவே நறுமணப் பொருட்கள் மீதுதான் சந்தேகம். சன்ஸ்கிரீனில் ஆக்டோகிரிலீனும் இருந்தது. ஈரத்தாளில் இல்லை என்பதால் அதைப் பின்வரிசையில் வைக்கிறேன், முழுதாக விடுவிக்கவில்லை. பேட்ச் டெஸ்ட் எடுத்ததில்லை. லேபிள் படங்கள் `07-wipe-label.jpg`, `08-sunscreen-label.jpg`.

இப்போதைய வழக்கம்

காலை: தண்ணீரில் மட்டும் கழுவுதல் (வாரம் 2 நாள் பெராக்ஸைடு ஃபேஸ்வாஷ்), மாய்ச்சரைசர், மணமில்லாத துத்தநாக ஆக்ஸைடு சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 50, நிறம் கலந்தது, இரண்டு விரல் நீளம். மதியம் மறுபடி போடுவது பாதி நாள் தவறுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இரவு: நுரை குறைந்த, மணமில்லாத க்ளென்சர், மாய்ச்சரைசர், 3 நாள் அடப்பலீன். தலைக்கு சிலிகான் கலந்த கண்டிஷனர். அலசும்போது நெற்றியில் வழிகிறது.

உள்ளே எடுப்பவை

லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், 2022 முதல். இரும்புச்சத்து மாத்திரை தினமும் மதியம். பி காம்ப்ளெக்ஸ் ஜூலை முதல். அதில் பி12 மட்டும் 1500 மைக்ரோகிராம். நெற்றிப் பொரி ஆகஸ்டில் வந்தது, அடப்பலீனும் ஆகஸ்டில் தொடங்கியது. எதைக் குற்றம் சொல்வது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தவில்லை. கருத்தடை மாத்திரை எடுக்கவில்லை. சல்ஃபா மருந்துக்கு 16 வயதில் உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. அதற்குப் பிறகு கொடுத்ததில்லை. வாய்வழி ஆண்டிபயாட்டிக்கோ ஐசோட்ரெட்டினாயினோ பருவுக்கு எடுத்ததில்லை. ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு, ரத்த அழுத்தம், கல்லீரல் கோளாறு எதுவும் இல்லை. அம்மாவுக்கு 30 வயது தாண்டியும் தாடையில் பரு இருந்தது.

எதிர்பார்ப்பு

முதலில் தாடையில் ஆழமான கட்டிகள் புதிதாக வருவது நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கருமையை விட்டுப்போவதால், அது நிற்காமல் கருமைக்கு மருந்து போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அடுத்து இருக்கும் கருமை மங்க வேண்டும். 6 மாதம் ஆனாலும் சரி. முகம் வெளுக்க வேண்டாம். கழுத்தின் நிறத்துக்கு முகம் வந்தால் போதும். குழித்தழும்பு இடது கன்னத்தில் இரண்டே, அது இப்போது அவசரமில்லை.

ஸ்டீராய்டை முகத்தில் மறுபடி போடத் தயக்கம் இருக்கிறது. அவசியம் என்று நீங்கள் சொன்னால், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதை எழுத்தில் தந்தால் போடுவேன். காலையில் 3, இரவில் 3 பொருளுக்கு மேல் போனால் தவறவிடுவேன் என்பதும் உண்மை.

கேட்க நினைப்பவை

நெற்றியில் இருப்பது பருவா, மயிர்க்கால் பூஞ்சையா, பி12 காரணமா? அடப்பலீனைத் தினமும் ஆக்கலாமா, அல்லது தாடைக்கு உள்ளே எடுக்கும் மருந்துதான் வேண்டுமா? அப்படியென்றால், கர்ப்பத் திட்டத்துக்கு எத்தனை மாதம் முன் எதை நிறுத்த வேண்டும்? டாக்ஸிசைக்ளின் எழுதினால் இரும்புச்சத்து மாத்திரையை எவ்வளவு தள்ளி எடுக்க வேண்டும்? கருமைக்கு அசெலிக் அமிலம் 15% தொடங்கலாமா? அதை இதுவரை தொட்டதில்லை. கர்ப்பத்திலும் தொடரலாம் என்று படித்ததால் கேட்கிறேன். ஹார்மோன் பரிசோதனை தேவையென்றால் சுழற்சியின் எந்த நாளில்? அடுத்த மாதவிடாய் இந்த மாதம் 24ஐ ஒட்டி வரும்.

படங்கள்

மொத்தம் 8. முதல் 6 முகப் படங்கள்: நேற்று காலை 9 மணிக்கு, ஜன்னலைப் பார்த்து நின்று, ஃபில்டரும் ஃப்ளாஷும் இல்லாமல், முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து எடுத்தவை, பின்பக்கக் கேமரா, வேறொருவர் எடுத்தார். `05-jaw-left.jpg` படத்தில் அளவு தெரிய அளவுகோல் வைத்திருக்கிறேன். `06-forehead-side-light.jpg` மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது. நேர் வெளிச்சத்தில் அந்தப் பொரிகள் படத்தில் தெரியவே இல்லை. வீடியோவில் சிவப்பும் கருமையும் சரியாக வராது என்பதால் நிறத்துக்கு இந்தப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பின்போது மேக்கப், சன்ஸ்கிரீன் எதுவும் போட்டிருக்க மாட்டேன். எல்லா ட்யூபும் மாத்திரை அட்டைகளும் மேசையில் இருக்கும்.

வியாழன் வரை புதிதாக எதையும் தொடங்கவில்லை, இருப்பதையும் மாற்றவில்லை. அடப்பலீன் இரவு புதன்கிழமை வருகிறது. மறுநாள் முகம் உள்ளபடி தெரிய அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் மட்டும் ஒரு வரி பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வழக்கம்போல் போட்டுக்கொள்கிறேன்.

நன்றி, டாக்டர்.