மாலை 7 மணிச் செய்தி: ரன்டவுன், செவ்வாய் (தீபாவளிக்கு மூன்று நாள் முன்)

டெஸ்க், ஆங்கர், பிசிஆர், கிராபிக்ஸ் நான்கு பேருக்கும். மாலை 5.15 நிலவரம். 6.30-க்குப் பிறகு வரிசை மாற வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்யுங்கள், குரூப்பில் போட்டால் கண்ணில் படாது.

விளம்பரம் 3:00, 2:30 என இரண்டு இடைவேளை. அது போக நம் கையில் 24:30.

19:00:00 டைட்டில் 10 நொடி, ஐந்து தலைப்புச் செய்தி, தலா 12 நொடி. ஐந்தாவது கொள்ளுக்குடிப்பட்டி. பறவைச் சத்தத்தை மியூசிக்குக்கு மேலே தூக்குங்கள்.

19:01:10 மழை (4:30)
ஆங்கர் 0:25, செம்பரம்பாக்கத்திலிருந்து லைவ் 1:30, சென்னை பேக்கேஜ் 1:50, ஏரி கிராபிக்ஸ் 0:45. லைவ் பேக் ஏரிக்கரையில் நான்கு பார் சிக்னல் காட்டிவிட்டு, கூட்டம் கூடியதும் தொங்கிவிடும். அதனால் 6.40-க்கே நிருபர் அதே இடத்தில் நின்று 40 நொடி பேசிப் பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும். லைன் போனால் ஆங்கர் "ஹலோ, கேட்கிறதா" என்று இழுக்க வேண்டாம், உடனே அந்தப் பதிவுக்குப் போகலாம்.

கிராபிக்ஸில் கன அடிக் கணக்கு வேண்டாம். ஏரியின் முழு உயரம் 24 அடி, கையில் உள்ள அளவு 20.8 அடி. இரண்டையும் ஒரே பட்டையில் காட்டினால் வீட்டில் இருப்பவருக்குப் புரியும். 6 மணி அளவு வந்ததும் மாற்றுங்கள். 2015 வெள்ளக் காட்சி எதற்கும் வேண்டாம். "கோப்புக் காட்சி" என்று எழுதினாலும் செல்போனில் வெட்டிப் பரப்பும்போது அந்த எழுத்து போய்விடும்.

19:05:40 டெல்டா நெல் (2:05)
மழைக்குப் பின் மறுபடி தண்ணீர் ஷாட்டில் தொடங்கினால் அதே செய்தி நீள்வதுபோல் தெரியும். முதல் ஷாட் உள்ளங்கையில் முளைவிட்ட நெல், குளோசப். ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பது விவசாயி பைட்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அவர் கோபம் எதற்கென்று புரியாது.

19:07:45 ஆம்னி பஸ் கட்டணம் (1:40)
19:09:25 டீசர் 0:20, இடைவேளை 3:00

19:12:45 சட்டமன்றக் கட்சிகள் மோதல் (2:10). ஆளுக்கொரு பைட், தலா 18 நொடிக்குள். ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 12 என்று போனால் நாளை போன் நமக்குத்தான்.
19:14:55 ராமேஸ்வரம் மீனவர் கைது (1:35). குடும்பத்தார் அழும் ஷாட் ஒன்று போதும். படகு, வலை, வெறிச்சோடிய துறைமுகம் இவற்றில் கதையை நகர்த்துங்கள்.
19:16:30 டெல்லி காற்று மாசு (1:10)
19:17:40 உலகம், மூன்று விஓ, தலா 25 நொடி
19:18:55 குற்றம், விஓ 0:40
19:19:35 டீசர் 0:15, இடைவேளை 2:30

இந்தப் பகுதி வேண்டுமென்றே வேகமாகப் போகிறது. முதல் பகுதியில் நீளமான பேக்கேஜ் இரண்டு வருவதால் இங்கே ஆங்கர் முகம் அடிக்கடி வரட்டும்.

19:22:20 தங்கம் விலை (0:45), கிராபிக்ஸ் மட்டும்
19:23:05 கிரிக்கெட் (1:30)
19:24:35 வானிலை (1:20)
19:25:55 மீண்டும் தலைப்புகள் (0:50)

19:26:45 கொள்ளுக்குடிப்பட்டி (2:10)
சிவகங்கை மாவட்டம், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர். லிங்க் 0:15: "தீபாவளிக்கு ஊரே வெடிக்கும். இந்த ஊரில் மட்டும் சத்தம் வருவது மரத்திலிருந்துதான்." அதன் பின் ஆறு நொடி வாய்ஸ் ஓவர் இல்லை, கண்மாயும் பறவைச் சத்தமும் மட்டும். பாட்டியின் பைட் 12 நொடி, அதை வெட்டாதீர்கள். பின்னணியில் பாட்டு போட வேண்டாம். டிக்கரை எடுத்துவிடுங்கள், கொக்குக்குக் கீழே தங்கம் விலை ஓடக் கூடாது.

19:28:55 விடைபெறல் 0:20, எண்ட் டைட்டில் 0:10. 19:29:25-க்கு முடியும். மீதி 35 நொடியை யாரும் நிரப்ப வேண்டாம், லைவ் எப்படியும் தின்றுவிடும்.

கொள்ளுக்குடிப்பட்டி 19:27:20-க்குள் ஏறியாக வேண்டும். தாமதமானால் முதலில் உலகத்தின் மூன்றாவது விஓ (25), அடுத்து குற்றம் (40). இரண்டாவது இடைவேளை தாண்டிவிட்டால் மீண்டும் தலைப்புகள் (50) மட்டுமே வெட்டலாம்.

ஒன்றே ஒன்று: விருதுநகர் பக்கமிருந்து பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வந்தால் கொள்ளுக்குடிப்பட்டி இன்று கிடையாது, தலைப்பிலும் டீசரிலும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வானிலையை 2:00 ஆக்கி, மீதியை விபத்து நேரலைக்குக் கொடுப்போம். மழையில் உயிரிழப்பு என்றால் கதை இருக்கலாம், ஆனால் ஆங்கர் சிரித்தபடி லிங்க் சொல்ல வேண்டாம். விடைபெறும்போது "வணக்கம்" மட்டும் போதும்.