டயாலிசிஸ் பிரிவுப் பராமரிப்பு முன்மொழிவு, பகுதி 4: சேவை உறுதிகளும் அபராதமும்

மதுரையில் உள்ள உங்கள் டயாலிசிஸ் பிரிவின் 12 இயந்திரங்களுக்கும் ஆர்.ஓ. நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இந்த உறுதிகள் பொருந்தும்.

ஒரு இயந்திரம் நின்றால் நோயாளியை வேறு இயந்திரத்துக்கு மாற்றலாம். ஆர்.ஓ. நின்றால் பிரிவே நின்றுவிடும். நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றுக்கே ஏறக்குறைய 120 லிட்டர் சுத்தநீர் வேண்டும். அதனால் ஆர்.ஓ. பழுதுக்கு எங்கள் பொறியாளர் 1 மணி நேரத்தில் வருவார். 4 மணி நேரத்துக்குள் நீர் வரத்து சரியாகிவிடும். இதற்காக உயர் அழுத்த பம்ப் ஒன்றும் மெம்பரேன் ஒரு செட்டும் எங்கள் செலவில் உங்கள் வளாகத்திலேயே இருக்கும்.

இயந்திரப் பழுதுக்கு 3 மணி நேரத்தில் வருகை, 24 மணி நேரத்தில் சரிசெய்தல். தாண்டினால் மாற்று இயந்திரம் தருவோம். நேரம் உங்கள் செவிலியர் புகாரைப் பதிவுசெய்த நிமிடத்திலிருந்து எண்ணப்படும், எங்கள் ஆள் போனை எடுத்த நிமிடத்திலிருந்து அல்ல.

மாதம் 26 நாள், நாளுக்கு 16 மணி நேரம், ஆக 416 மணி நேரத்தில் ஒவ்வொரு இயந்திரமும் 98 சதவீதம் இயங்கும் நிலையில் இருக்கும். குறையும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் அந்த இயந்திரத்தின் மாதக் கட்டணத்தில் 10 சதவீதம் கழிக்கப்படும். ஆர்.ஓ. கெடு தாண்டினால் மணிக்கு 2,000 ரூபாய். மொத்த அபராதத்தின் உச்சவரம்பு மாதக் கட்டணத்தில் 20 சதவீதம். நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அடுத்த பில்லில் நாங்களே கழித்துவிடுவோம்.

மின்தடை, தவறான கையாளுதல் ஆகியவற்றால் ஏற்படும் நிறுத்தம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அப்போதும் வருகை நேரம் மாறாது.

ஏதேனும் ஒரு இயந்திரம் தொடர்ந்து 2 மாதம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால், 30 நாள் அறிவிப்பில் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். முன்பணத்தின் மீதியைத் திருப்பித் தருவோம்.