பத்தரை மணிக் கரடி

எங்கள் தேயிலைத் தோட்ட லைனில் வீட்டுக்குள் போன் சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டித் திண்டில் போய் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். மழை பிடித்தால் அதுவும் போச்சு. கோத்தகிரிப் பக்கம் அக்டோபரில் மழை எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று யார் சொல்ல முடியும்?

மும்தாஜ் ஜூனில் இங்கிலாந்து போனதிலிருந்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு அந்தத் திண்டில்தான் இருப்பேன். அவளுக்கு அப்போது சாயங்காலம் ஐந்து. லீட்ஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. முடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு இருபது நிமிஷம் நடப்பாள். நடந்துகொண்டே பேசுவாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு எத்தனை கிலோ இலை, மாமியார் என்ன சொன்னார், அங்கே ஒரு பாட்டி இவளை மகள் என்று நினைத்துக் கையை விடவில்லை. பஸ் வந்ததும் "வைக்கிறேன்டி" என்பாள். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் விடியும்வரை அசைய மாட்டேன்.

தீபாவளி போன அடுத்த ஞாயிறு, அக்டோபர் 26. ஒன்பதரைக்கு மணி அடிக்கவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் பூட்டிவிடுவாள் என்று தெரியும். ஆனால் வேலைதான் முடிந்திருக்குமே! பத்து ஆனது. கால் விரல் மரத்துவிட்டது.

கோயில் பக்கம் 'டங்' என்று சத்தம். விளக்கு உருண்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கரடிக்கு விளக்கெண்ணெய் என்றால் உயிர். பத்து மணிக்கு மேல் கோயில் அதற்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு நான்தான் மறந்துபோனேன். இருட்டுக்குள் அதைவிடக் கறுப்பாக ஒன்று படியில் குனிந்து நக்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வீட்டுக்கு ஓடினேன். முழங்கை முழுக்கக் கீறல்.

மறுநாள் காலையில் இலை எடுக்கப் போகும் வழியில் சிக்னல் வந்ததும் போன் விடாமல் அதிர்ந்தது. அவள் ஐந்து முறை அடித்திருக்கிறாள். எல்லாம் பத்தரைக்கு மேல்.

மத்தியானம் இலை எடை போடும் இடத்திலிருந்து பிடித்தேன். அவள் அப்போதுதான் எழுந்திருந்தாள்.

"ஒரு மணி நேரம் காக்க வெச்சிட்டியே, கரடி வாயில போயிருப்பேன்."

"நான் கரெக்டா அஞ்சு மணிக்குத்தான் அடிச்சேன். நீ எங்கடி போன?"

இருவருமே கத்தினோம். எடை போடுகிறவர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளே சொன்னாள். அங்கே சனி ராத்திரி ரெண்டு மணி ஆனதும் கடிகாரத்தை மறுபடியும் ஒரு மணிக்குத் தள்ளிவிட்டார்களாம், குளிர்காலத்துக்கு. மார்ச் கடைசி ஞாயிறுதான் திருப்பி முன்னே தள்ளுவார்களாம். போன் தானாக மாறிவிட்டதால் இவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அன்றைக்கு நைட் டூட்டி பார்த்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. நான்கு நாளாக மழையில் நனைந்து இலை எடுத்த எனக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வெளிச்சம் இருந்துச்சுடி," என்றாள். "நேத்து வெளிய வந்தா இருட்டிக்கிட்டு வருது. தெருவுல ஒரு ஆள் இல்ல. அதான் அடிச்சுக்கிட்டே நடந்தேன்."

நான் கரடியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ஒன்பதரைக்கே கூப்பிடச் சொல்லலாம்தான், ஆனால் அவளுக்கு அது நாலு மணி, பெரியவர்களுக்கு டீ கொடுக்கிற நேரம். போன் லாக்கரில் இருக்கும்.

இப்போது என் தம்பி பச்சை இலை ஏற்றுகிற பிக்கப்பைத் தொட்டிப் பக்கத்தில்தான் நிறுத்துகிறான். சாவி என்னிடம். பத்தேகாலுக்கு உள்ளே ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்காருவேன். வண்டி முழுக்க இலை வாடிய வாசம். ஐந்து மணிக்கு எழ வேண்டியவளுக்கு இது வேண்டாத வேலை என்கிறார் மாமியார். சரி, இருக்கட்டும்.

நேற்றும் வந்தது. பம்பரை முகர்ந்தது, டயரை முகர்ந்தது, கோயில் பக்கம் போனது.

"ஏன்டி குசுகுசுன்னு பேசுற?"

"ஒண்ணுமில்ல. பஸ் வந்திருச்சா?"

"இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

"அப்ப நட. பாட்டி என்ன பண்ணுச்சு, சொல்லு."